ஒலியில்லாமல் மழை வாசனை: ராயபுரம் மொட்டை மாடிக் காட்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் எடுக்கப்பட்ட, ஒன்றேகால் நிமிடம் ஓடும் ஒரே காட்சியைப் பற்றிய குறிப்பு இது. வடசென்னை வீடுகளின் அன்றாடத்தைச் சொல்லும் சிறு படங்களை ஒரே கூடத்தில் வரிசையாகத் திரைகள் வைத்து ஓட்டுவதாக ஏற்பாடு. ஒரு திரையின் சத்தம் அடுத்த திரைக்குப் போகும் என்பதால் எந்தப் படத்திலும் ஒலி கூடாது, எழுத்தும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு வந்த பொருள், மழைக்குச் சற்று முன்னால் வருகிற மண் வாசனை.

அந்த வீட்டு மாடி பழைய மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தது. மேலே வெள்ளைப் பெயின்டோ சிமென்டோ பூசவில்லை, ஓட்டின் செம்மண் நிறம் அப்படியே இருந்தது. மாடியின் கிழக்கே துறைமுகமும் கடலும், மேற்கே பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வீடுகளின் மாடிகள். தெருவில் எங்கும் சிமென்டும் தாரும்தான். மண் வாசனை பற்றிய காட்சிக்கு மண்ணே இல்லாத தெரு என்பது முதலில் குறையாகத் தோன்றியது. கடைசியில் கைகொடுத்தது அந்தத் தட்டோடுதான்.

முதல் படப்பிடிப்பு

முதல் தடவை குழு செய்தது, இப்படி ஒரு காட்சி என்றவுடன் பெரும்பாலோர் செய்வதுதான். மாடியில் நெத்திலி காயப் போட்டிருக்கிறாள் ஒரு பெண். பக்கத்துத் தண்ணீர் டேங்க் மேலிருந்து ரப்பர் குழாயில் மழை விடுகிறார்கள். அவள் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுக்கிறாள். அதை விநாடிக்கு 100 ஃப்ரேமில் எடுத்து, 25 ஃப்ரேமில் ஓடவிட்டு நான்கு மடங்கு மெதுவாக்கினார்கள். நேரம் அந்தி. நிறத்தில் நீலம் கூட்டினார்கள்.

தொகுத்த காட்சியை, எதைப் பற்றியது என்று சொல்லாமல், அதே தெருக்காரர்கள் சிலரிடம் போட்டுக் காட்டி, “என்ன நடக்குது?” என்று மட்டும் கேட்டார்கள். மழை பெய்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். “இன்னாத்துக்கு அழுவுறாங்க?” என்றார் ஒருவர். சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று இன்னொருவர். கண் மூடிய முகத்தையும் நெத்திலியையும் சேர்த்துப் பார்த்து, கருவாட்டு நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்புகிறாள் என்றும் ஒரு பதில் வந்தது. வாசனை என்று சொன்னது அந்த ஒருவர்தான், அதுவும் வேறு வாசனை.

எங்கே தவறியது

குழு அந்தப் பதில்களை எதிரே வைத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்தது. பெரிய தவறு மழையின் அளவு. மண் வாசனைக்கு பெட்ரிகோர் என்று பெயரிட்டவர்கள் இசபெல் ஜாய் பேர், ஆர்.ஜி. தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், 1964-இல். வெயில் காலத்தில் காய்ந்த மண்ணிலும் கல்லிலும் தங்கிப்போன எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிவருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அந்த வாசனையில் சேர்ந்திருக்கிறது. 2015-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருவர் அதிவேகக் கேமராவில் இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். துளைகளுள்ள பரப்பில் துளி விழும்போது அடியில் காற்றுக் குமிழிகள் சிக்குகின்றன. அவை மேலேறி வெடித்து மிக நுண்ணிய திவலைகளாகத் தெறிக்கின்றன. தூறலிலும் மிதமான மழையிலும் திவலைகள் நிறைய எழுகின்றன, கொட்டும் மழையில் குறைவு.

படமெடுப்பவருக்கு இதில் ஒரு நேரடியான செய்தி இருக்கிறது. குழாய் மழையில் மாடி முழுக்க நனைந்து பளபளக்கும் ஃப்ரேம், வாசனை ஓய்ந்துபோன நேரத்தின் ஃப்ரேம். பார்ப்பவருக்கு இந்த அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொட்டுகிற மழையில் மண் மணக்காது என்பது அவருடைய மூக்குக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காட்சி அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை.

இரண்டாவது தவறு வரிசை. முதலில் மழை, பிறகு முகம் என்று அடுக்கியிருந்தார்கள். அப்படி அடுக்கினால் அவள் மழையைப் பார்க்கிறாள், அல்லது நனைகிறாள். ஆனால் இந்த வாசனை எங்கோ மேற்கே பெய்யத் தொடங்கிய மழையிலிருந்து காற்றில் முந்தி வருவது. துளி விழுமுன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நெத்திலி. வடசென்னை என்றால் கருவாடு என்று வைத்தது, கடுமையான இன்னொரு வாசனையை ஃப்ரேமுக்குள் கொண்டுவந்துவிட்டது. வாசனையைக் காட்டும் ஃப்ரேமில் மணக்கிற பொருள் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பூ, காப்பி, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மெதுவாக ஓடவிட்டதும் நீலமும் மிச்சத்தைக் கெடுத்தன. நான்கு மடங்கு மெதுவான மூச்சு, பெருமூச்சாகவே படிகிறது. நீலம் குளிரைச் சொல்கிறது. மண் வாசனை வருகிற நேரத்தில் ஓடு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மழையையே காட்டாமல் முதல் துளிகளோடு நிறுத்துவது. சுட்ட ஓட்டில் முதல் துளி விழுந்தால் ஒரு ரூபாய் நாணயத்துக்கும் சிறிய கருஞ்சிவப்பு வட்டம் உண்டாகும். துளைகளுக்குள் நீர் புகுந்ததும், வெளியே சிதற வேண்டிய ஒளி உள்ளேயே சுற்றி அடங்கிவிடுவதால் அந்த இடம் கறுத்து, நிறமும் ஆழமாகிறது. ஓடு சூடாக இருந்தால் அந்த வட்டம் ஓரத்திலிருந்து வெளிறிச் சுருங்கும். ஒன்று மறையுமுன் பக்கத்தில் இன்னொன்று விழும். பிறகு மறைவதைவிட விழுவது வேகமாகும். ஓட்டின் சூடு, மழையின் தொடக்கம், வாசனை எழும் நேரம் மூன்றும் இந்த ஒரே ஷாட்டில் அடங்கிவிடும் என்று குழு கணக்குப் போட்டது.

புகை விடலாமா என்ற பேச்சும் வந்தது. ஓட்டிலிருந்து மெல்லிய புகை எழுந்தால் வாசனை கிளம்புவது போலத் தெரியும் என்றார் ஒருவர். வேண்டாமென்று விட்டார்கள். திரையில் புகை புகையாகவே தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள், பார்ப்பவர் நினைவு அங்கேதான் போகும். ஆவியும் பொய்தான். அந்த அளவுச் சூட்டில் ஓட்டின் மேல் விழும் துளி கண்ணுக்குத் தெரிய ஆவி கக்காது.

இரண்டாவது முடிவு, நெத்திலிக்குப் பதில் அரிசி வடாம். வெள்ளை வேட்டியை விரித்து வடாம் ஊற்றுவது மணமில்லாத வேலை. மழை வந்தால் கெட்டுப்போகிற பண்டம் என்பது தமிழ் வீட்டில் எவருக்கும் தெரியும், ஆகவே அவள் அவசரப்படுவதற்கு விளக்கம் தேவையில்லை. இன்னொரு பயனும் இருந்தது. பெரிய வெள்ளைத் துணி ஃப்ரேமில் இருந்தால் ஒளி மாறுவது அதில் உடனே தெரியும்.

மூன்றாவது, காற்று. வாசனை கண்ணுக்குத் தெரியாது, அதைக் கொண்டுவரும் காற்று தெரியும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கேயிருந்து வீசும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடிமழை பெரும்பாலும் மேற்கேயிருந்து கட்டிக்கொண்டு வரும். அது நெருங்கும்போது கடற்காற்று விழுந்து, சற்று நேரம் எதுவும் அசையாமல் நின்று, பிறகு மழையடியிலிருந்து குளிர்ந்த காற்று எதிர்த் திசையில் வரும். துணிக்கொடியில் ஒரு புடவை இருந்தால் இந்த மூன்று நிலையையும் அதுவே சொல்லிவிடும். கயிறு ஏற்கெனவே வடக்குத் தெற்காகத்தான் இருந்தது. கேமராவை வடக்குப் பார்த்து வைத்தால் கடல் வலப்பக்கம், மேற்கு இடப்பக்கம். புடவை முதலில் இடப்பக்கம் பறக்கும், நேராகத் தொங்கும், பிறகு வலப்பக்கம் பறக்கும். நடுவிலுள்ள அந்தத் தொங்கலுக்கு நான்கு விநாடி கொடுப்பது என்று முடிவானது. ஒலியில்லாத படத்தில் நிசப்தத்தைக் காட்டுவதற்கு, அதுவரை அசைந்துகொண்டிருந்த ஒன்று நிற்பதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

நான்காவது, ஒளி. வெயில் சாயும் மாலையில் வெளிச்சம் மேற்கேயிருந்து வரும், நிழல் கிழக்கே நீளும். மேற்கே மேகம் அடைத்ததும், இன்னும் வெளுத்திருக்கும் கடல் பக்கத்து வானமே பெரிய விளக்காகிறது. முகத்தில் ஒளி விழும் பக்கமே மாறிவிடுகிறது, நிழலின் விளிம்பு கரைந்துவிடுகிறது. சென்னையில் மழைக்கு முன் ‘வெளிச்சம் ஒரு மாதிரி’ ஆவதற்கு இதுதான் காரணம். நீலம் பூசிக் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

ஐந்தாவது, உடம்பு. கண்ணை மூடுவதும் ஆழ்ந்த மூச்சும் தடை. வாசனை பிடிக்கும் மனிதர் உண்மையில் செய்வது வேறு. வேலை நடுவில் கை நிற்கும், வாய் மூடியிருக்கும், இரண்டு சிறு மூச்சு மூக்கில் போகும், பார்வை எதிலும் பதியாது, முகவாய் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திரும்பும். நடிக்க வந்தவர் அந்தத் தெருவில் வடாம் போட்டுப் பழகியவர். இயக்கியவர் அவரிடம், “அக்கா, வானத்தப் பாக்காதீங்க. மோப்பம் வந்ததும் கை நிக்கட்டும், அப்புறம் நீங்க வீட்ல இன்னா பண்ணுவீங்களோ அத பண்ணுங்க,” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் படப்பிடிப்பு

மூன்றரை மணிக்குத் தொடங்கி வெயில் ஷாட்டுகள் முதலில் எடுக்கப்பட்டன. 25 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில் 50-இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 100, ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது மூன்று தடவை பாதிப் பாதியாகக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு லென்ஸ் துளை எஃப் 8. வெயில் சாயச் சாய எஃப் 5.6. ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வினில் பூட்டப்பட்டு, கடைசி ஷாட் வரை தொடப்படவில்லை. ஆட்டோவில் விட்டிருந்தால், மேகம் வந்ததும் துணியில் ஏறும் சாம்பல் நீலத்தைக் கேமரா தானே திருத்தி வெள்ளையாக்கியிருக்கும். காட்டவேண்டிய மாற்றத்தையே அது அழித்துவிடும்.

மேகம் வந்தபின் வரவேண்டிய ஷாட்டுகளுக்கு உண்மையான மேகத்தை நம்பவில்லை. மேற்குக் கைப்பிடிச் சுவருக்கு மேல் 12-க்கு 12 அடி கறுப்புத் துணியைக் கட்டி வெயிலை மறைத்தார்கள். கிழக்குப் பக்கம் திறந்தே விட்டார்கள். துணியின் நிழலில் ஒளி ஏறக்குறைய நான்கு ஸ்டாப் இறங்கியது. என்டி ஃபில்டரைக் கழற்றி மூன்று ஸ்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றை இருட்டாகவே விட்டார்கள். முழுதும் ஈடுகட்டினால் மேகம் வந்த உணர்வே இராது. ஒன்றும் ஈடுகட்டாவிட்டால் முகம் தெரியாது.

சிக்கலும் இங்கேதான் வந்தது. முகத்துக்கு மறைத்த வெயில், பின்னால் தெரிந்த பக்கத்து வீட்டுச் சுவரில் பளிச்சென்று அடித்தது. அதை மறைக்க வழியில்லை. ஃப்ரேமை இறுக்கி, இடுப்புக்கு மேல் என்றிருந்ததை மார்புக்கு மேல் என்று மாற்றி, கேமராவைச் சற்று மேலே தூக்கி, பின்னணியில் ஓடு மட்டும் வரும்படி எடுத்தார்கள்.

துளிகளுக்காகப் பல முறை முயன்றார்கள். குழாய்த் தண்ணீர் சாய்வாக விழுவதால் ஓட்டில் வட்டத்துக்குப் பதிலாக ஒரே பக்கம் வால் நீண்ட கறைகள் விழுந்தன. பார்த்ததும் குழாய் என்று தெரியும். பூவாளியில் துளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் விழுந்தன. கடைசியில் கொசுவலைத் துணியை இரண்டு மீட்டர் உயரத்தில் நான்கு பேர் படுக்கையாக இழுத்துப் பிடித்து, அதன் மேல் சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார்கள். நீர் வலையில் தங்கி, கனம் சேர்ந்த இடத்தில் மட்டும் சொட்டும். எந்த இடத்தில், எப்போது என்று சொல்ல முடியாத ஒழுங்கின்மை அதில் வந்தது. இரண்டு மீட்டரிலிருந்து விழும் துளி விநாடிக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் வேகத்தைத் தொடும். பெரிய மழைத்துளியின் வேகம் இதற்கும் மேலே என்றாலும், ஓட்டில் விழுந்து சிறு முள்ளோரத்துடன் தெறிக்க இதுவே போதும்.

துளி விழுவது தெரிய, ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வரவேண்டும். அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கிழக்கு வானத்தைப் பார்த்து வைத்து, பின்னால் இருட்டான கைப்பிடிச் சுவர் வரும்படி செய்தார்கள். முன்னாலிருந்து ஒளி பட்டால் துளி காணாமல் போகும், கறை மட்டும் திடீரென்று முளைக்கும்.

ஒரு டேக்குக்கு ஓட்டின் ஒரு பகுதி நனைந்துவிடும், அது பழையபடி காய நேரமாகும். எனவே மாடியைச் சாக்பீஸ் புள்ளிகளால் ஆறு கட்டமாகப் பிரித்து, கேமராவுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் கடைசிக்கு விட்டு, எட்டத்திலிருந்து தொடங்கினார்கள். இது தவறு. எட்டத்துக் கட்டங்களின் ஈரம் அடுத்த டேக்கின் பின்னணியில் தெரிந்தது. பாதியில் கண்டுபிடித்து, பக்கத்திலிருந்து எட்டத்துக்கு என்று வரிசையை மாற்றி, கேமராவையும் கூடவே நகர்த்தினார்கள்.

புடவையின் முதல் நிலைக்கு உண்மையான கடற்காற்று கிடைத்தது. தொங்கலுக்கு வலப்பக்கம் ஃப்ரேமுக்கு வெளியே பிளைவுட் பலகை அந்தக் காற்றை மறைத்தது. எதிர்க்காற்றுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய பெடஸ்டல் ஃபேன். ஃபேன் காற்று சீராக அடிப்பதால் புடவை கடை வாசல் கொடி போல ஒரே தாளத்தில் படபடத்தது. ஃபேனுக்கு முன்னால் தெர்மாகோல் அட்டையை ஒருவர் குறுக்கே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்ததும் காற்று விட்டுவிட்டு வந்தது.

தொகுப்பும் நிறமும்

இறுதி வரிசை இது. வெயிலில் வடாம் ஊற்றும் கை, நீண்ட நிழல், இடப்பக்கம் பறக்கும் புடவை. பிறகு புடவை தொங்குகிறது, நான்கு விநாடி. அவள் கை நிற்கிறது. புடவையின் ஓரம் வலப்பக்கம் ஒரு தடவை மட்டும் எழுகிறது. முகம், இரண்டு சிறு மூச்சு, இடப்பக்கம் திரும்பும் முகவாய். துணி சாம்பல் நீலமாகியிருக்கிறது. அவள் வேட்டியின் நான்கு முனையையும் சேர்த்து வாருகிறாள். அவள் எழுந்து போன பிறகுதான், வெறும் ஓட்டில் முதல் துளி.

துளி ஷாட் பதினெட்டு விநாடி, வெட்டில்லாமல். முதல் வட்டம் வெளிறும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதால் அதைக் குறைக்க முடியாது. ஓட்டின் மேல் நீர் தங்கி வானம் பளபளக்கத் தொடங்கியதும் வெட்டினார்கள். பளபளப்பு என்றால் துளைகள் நிறைந்துவிட்டன, வாசனையும் முடிந்தது.

நிறத்தில் எதையும் கூட்டவில்லை, குறைத்தார்கள். காய்ந்த ஓட்டின் செறிவைச் சற்று இறக்கியதால், படம் முழுவதிலும் அடர்ந்த நிறம் அந்த ஈர வட்டங்களுக்கு மட்டுமே வாய்த்தது.

விளைவு

இந்த வடிவத்தை முதலில் பார்த்தவர்களுக்கே காட்டாமல், அதே தெருவின் வேறு ஆட்களிடம் காட்டினார்கள். அழுகை, வேண்டுதல் என்ற பதில்கள் வரவில்லை. “மண்ணு வாசன வந்துடுச்சி, அதான் வாரிக்கினு போறா,” என்றார் ஒரு பாட்டி, துளி ஷாட் வருவதற்கு முன்பே. நடுத்தர வயதினரில் பெரும்பாலோர் வாசனை என்றோ, மழை வரப்போவது தெரிந்துவிட்டது என்றோ சொன்னார்கள்.

இளையவர்களிடம் அந்த அளவுக்குப் போகவில்லை. அடுக்குமாடியில் வளர்ந்த சிலர் காற்றடித்ததால் துணி எடுக்கப் போகிறாள் என்று படித்தார்கள். அவர்களுக்கும் கடைசி ஷாட் பிடித்திருந்தது, ஆனால் கோடைச் சூட்டைத்தான் அதில் கண்டார்கள். வடாமும் தட்டோடும் தெரியாத கண்ணுக்கு இந்தக் குறிகள் பாதி தூரமே போகும். கைபேசியில் பார்த்தவர்களுக்கு முதல் வட்டம் வெளிறுவதே தெரியவில்லை.

மாற்ற வேண்டியவை

துளி ஷாட்டை இன்னும் நெருங்கி எடுக்க வேண்டும். முதல் வட்டம் ஃப்ரேம் அகலத்தில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால் சிறு திரையிலும் தெரியும். அதே ஷாட்டை மதியம் இரண்டு மணி வெயிலில் சூடேறிய ஓட்டில், கறுப்புத் துணி நிழலைக் கடைசி நிமிடத்தில் இழுத்து எடுப்பது நல்லது. ஐந்தரை மணிக்கு ஓட்டின் சூடு இறங்கிவிட்டதால் வட்டங்கள் வெளிறத் தாமதமானது.

இளையவர்கள் காற்று என்று படித்ததற்குத் தீர்வாக, பின்னணியில் எட்டத்து மாடியில் இன்னொரு பெண்ணும் அதே நேரத்தில் கையை நிறுத்தி, அதே பக்கம் முகம் திருப்புவது சேர்க்கப்பட வேண்டும். அங்கே புடவையோ துணியோ அசையக் கூடாது. துணி அசையாத இடத்திலும் ஒருவர் திரும்புகிறார் என்றால், திருப்பியது காற்றின் விசை அல்ல என்பது அடுத்த ஷாட்டுக்கு முன்பே பிடிபடும். அதற்கு எட்டத்து மாடியும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் எஃப் 11 தேவைப்படும். முகத்துக்கு மட்டும் கட்டிய கறுப்புத் துணி அதற்குப் போதாது, உண்மையான மேகமூட்டத்துக்காகவே ஒரு மாலை ஒதுக்க வேண்டியிருக்கும்.